வடை சுட்ட பாட்டியும் செத்துப்போன இரண்டு வேட்டைக்காரர்களும்



கொஞ்சம் நீளமான பதிவு. பிள்ளைகளை ஜேர்மன் வகுப்புக்கு அனுப்பும் பெற்றோர் பொறுமையாக வாசிக்க வேண்டும். ஜேர்மன் படிப்பிக்கிறவர்கள் கோபப்படாமல் வாசிக்க வேண்டும். கோபம் வந்தால் கீழே எழுதுங்கள், பதில் சொல்வோம்.

போன மாதம் எங்கள் பழைய மாணவி ஒருத்தியிடமிருந்து வட்ஸ்அப்பில் ஒரு குரல் பதிவு வந்தது. ஹட்டனுக்கு மேலே ஒரு தோட்டத்துப் பிள்ளை. அம்மா இன்னும் கொழுந்து பறிக்கிறார். பிள்ளை பி1 முடித்து, பி2 முடித்து, இப்போது ஜேர்மனியில் ஒரு முதியோர் இல்லத்தில் தாதிப் பயிற்சியில் இருக்கிறாள். அழுதுகொண்டே பேசியிருந்தாள். அங்கே இருக்கும் ஒரு முதியவரின் மகன் வருவதாகச் சொல்லி வரவில்லை. இவள் ஜன்னல் பக்கம் போய்ப் போய்ப் பார்த்திருக்கிறாள். கிழவர் சிரித்துக்கொண்டு "அப்வார்டன் உண்ட் டே ட்ரிங்கன்" என்று சொல்லியிருக்கிறார். இவள் உடனே ஓடிப்போய் ஒரு கப் தேத்தண்ணி ஊற்றிக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறாள். அறையில் இருந்த எல்லாரும் சிரித்துவிட்டார்கள்.

"சேர், நான் தோட்டத்துப் பிள்ளை என்று அவங்களுக்குத் தெரியும். அதான் தேயிலையை வைத்து நக்கல் பண்ணினாங்க" என்றாள்.

இல்லை மகளே, நக்கல் இல்லை. அந்த வசனத்தைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் "பொறுத்திருந்து தேநீர் குடிப்பது" என்று வரும். ஆனால் ஜேர்மன்காரர் அதைச் சொல்வது தேநீர் வேண்டும் என்பதற்காக அல்ல. "அவசரப்படாதே, நடப்பது நடக்கட்டும், பார்ப்போம்" என்பதற்குத்தான். நம்முடைய ஆட்கள் "ஆறப் பொறு" என்று சொல்லும் இடம் அது. "ஆக்கப் பொறுத்தவன் ஆறப் பொறுக்கவில்லையா" என்று ஒருவர் சொன்னதும் நீங்கள் போய்ச் சோறு போட்டுக்கொண்டு வந்தால் அவர் சிரிக்க மாட்டாரா? அந்தச் சிரிப்பில் என்ன வஞ்சகம் இருக்கிறது? அவ்வளவுதான் அங்கேயும் நடந்தது.

ஆனால் எங்களுக்குக் கோபம் வந்தது வேறு இடத்தில். அந்தப் பிள்ளைக்கு இந்த வசனம் புதிது அல்ல. இங்கே படிக்கும்போது கொடுத்த டியூட்டில் அது இருந்திருக்கிறது. இடது பக்கம் ஜேர்மன், வலது பக்கம் தமிழ். வலது பக்கத்தில் "காத்திருந்து தேநீர் அருந்து" என்று அச்சடித்திருக்கிறார்கள். படம் பிடித்து அனுப்பினாள், பார்த்தோம். அதே டியூட்டின் அடுத்த பக்கத்தில் "ஜேர்மன் நகைச்சுவைகள் பத்து" என்று ஒரு தலைப்பு. அங்கேயும் இதே இரண்டு பத்திதான். அந்தப் பத்தையும் தமிழில் வாசித்த எவருக்கும் ஒரு சிரிப்பும் வராது. அதை வைத்துக்கொண்டு பிள்ளைகளிடம் சொல்லப்படும் முடிவு என்ன தெரியுமா? "ஜேர்மன்காரருக்கு நகைச்சுவை உணர்வு குறைவு."

குறை எங்கே இருக்கிறது என்பதைக் காட்டத்தான் இந்தப் பதிவு.

அந்தப் பத்தில் முதலாவதை எடுப்போம். தமிழ்ப் பத்தியில் இப்படி இருக்கிறது: "இரண்டு வேட்டைக்காரர்கள் சந்திக்கிறார்கள். இருவரும் இறந்துவிட்டார்கள்." வாசித்தீர்களா? சிரிப்பு வந்ததா? மௌத்துச் செய்தி மாதிரி இருக்கிறது. ஆனால் ஜேர்மனியில் இது சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த நகைச்சுவை. மொத்தம் ஆறே ஆறு சொல்: "ட்ரெஃபன் ஸிஷ் ட்ஸ்வை யேகர். பைடெ டோட்."

இதில் பூட்டு, சாவி எல்லாமே முதல் சொல்லில்தான் இருக்கிறது. ட்ரெஃபன் என்ற வினைச்சொல்லுக்கு இரண்டு பொருள். ஒன்று, ஒருவரைச் சந்திப்பது. மற்றது, குறி தவறாமல் அடிப்பது. கல்லெறிந்தால் மாங்காயில் படுவதும், வேடன் சுட்டால் மானில் படுவதும் ட்ரெஃபன்தான். ஸிஷ் என்பதை இந்த இடத்தில் "ஒருவரை ஒருவர்" என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் அந்த வசனத்துக்கு "இரண்டு வேட்டைக்காரர் சந்தித்துக்கொண்டார்கள்" என்றும் பொருள், "இரண்டு வேட்டைக்காரர் ஒருவரை ஒருவர் குறி தப்பாமல் சுட்டுக்கொண்டார்கள்" என்றும் பொருள். ஒரு எழுத்துக்கூட மாறவில்லை.

இதற்கு மேலே இன்னொரு நுட்பம் இருக்கிறது, அதை டியூட் எழுதினவர் கவனிக்கவே இல்லை. சாதாரண ஜேர்மன் வசனத்தில் வினைச்சொல் இரண்டாவது இடத்தில் வரும். "ட்ஸ்வை யேகர் ட்ரெஃபன் ஸிஷ்" என்றுதான் சொல்ல வேண்டும். வினையை முதலில் தூக்கிப் போட்டுத் தொடங்கினால், கேட்கிறவருக்கு ஒரு சைகை போகிறது: நகைச்சுவை வருகிறது, தயாராக இரு என்று. "ஒரு ஊர்ல ஒரு ராஜா" என்றதும் நாம் கதைக்குத் தயாராகிறோமே, அதைப்போல. இரண்டு பேர் சந்திப்பதாகத் தொடங்கும் நகைச்சுவை அங்கே நூற்றுக்கணக்கில் உண்டு. சந்திப்பார்கள், ஒருவர் ஏதோ கேட்பார், மற்றவர் ஏதோ சொல்வார், கடைசியில் சிரிப்பு வரும். ஆகவே கேட்கிறவர் இப்போது வேட்டைக்காரர்கள் பேசப்போகிறார்கள் என்று காதைத் தீட்டிக்கொண்டு இருக்கிறார். அந்த நேரத்தில் "இருவரும் காலி" என்று இரண்டே சொல்லில் கதை முடிந்துவிடுகிறது. அவர் மனம் ஓடித் திரும்பி முதல் சொல்லைப் பார்க்கிறது. அடடா, அது சந்திப்பு இல்லை, சூடு! அந்தத் திரும்பிப் பார்த்தல்தான் சிரிப்பு.

"சந்திக்கிறார்கள்" என்று தமிழில் எழுதிய உடனே திரும்பிப் பார்க்க அங்கே ஒன்றும் இல்லாமல் போய்விடுகிறது. "சுட்டுக்கொள்கிறார்கள்" என்று எழுதினால் அதற்குப் பிறகு இறந்தது அதிசயமும் இல்லை. தமிழில் இரண்டில் ஒன்றைத் தெரிவுசெய்தே ஆகவேண்டும். தெரிவுசெய்த கணமே நகைச்சுவை செத்துவிட்டது. மொழிபெயர்ப்பாளர் கெட்டிக்காரரா இல்லையா என்பது இங்கே கேள்வியே இல்லை. எத்தனை கெட்டிக்காரர் வந்தாலும் இதே சங்கடம்தான்.

இது ஜேர்மன்காரரின் குறை என்று நினைக்கிறவர்களுக்கு ஒரு சோதனை வைக்கிறோம். நமக்கெல்லாம் தெரிந்த கதை: பாட்டி வடை சுட்டாள். அந்த வடையைக் காகம் சுட்டது. அந்தக் காகத்தை வேட்டைக்காரன் சுட்டான். மூன்று சுடுதலும் மூன்று வேலை. எண்ணெயில் பொரிப்பது ஒன்று, களவெடுப்பது ஒன்று, துவக்கால் சுடுவது ஒன்று. ஜேர்மனில் இந்த மூன்றுக்கும் மூன்று தனித்தனி வினைச்சொற்கள், ஒன்றுக்கொன்று ஒலியில் உறவே இல்லை. பல வருடத்துக்கு முன் விடுமுறை நாட்களில் நுவரெலியாவில் சுற்றுலாப் பயணிகளோடு அலைந்து ஜேர்மன் கற்ற காலத்தில், நாங்கள் இந்தக் கதையை ஒரு ஜேர்மன் தம்பதியிடம் பெருமையாகச் சொன்னோம். "சுடு" என்பதற்கு எங்களுக்கு அப்போது தெரிந்த ஒரே சொல், துவக்கால் சுடுவதற்கான சொல். அந்த அம்மா மரியாதையாகக் கேட்டார், "பாட்டி எதற்காக வடையைத் துவக்கால் சுட்டார்?" அவர் ஊருக்குப் போய் "இலங்கைத் தமிழருக்கு நகைச்சுவை உணர்வு இல்லை" என்று எழுதியிருந்தால் நமக்கு எப்படி இருந்திருக்கும்?

அப்படியானால் என்னதான் செய்வது? மொழிபெயர்க்காதீர்கள், விளக்குங்கள். "நகைச்சுவையை விளக்கினால் சிரிப்பு வராதே சேர்" என்று ஒரு தம்பி கேட்டார். நல்ல கேள்வி. சொல்லி முடித்த பிறகு விளக்கினால் வராதுதான். முதலே விளக்க வேண்டும். அதுவும் நகைச்சுவையை அல்ல, அதன் கீல் இருக்கும் சொல்லை.

எங்கள் வீட்டில் ஞாயிறு பின்நேரம் ஏழெட்டுப் பிள்ளைகள் வருகிறார்கள். அவர்களோடு நாங்கள் இதைச் செய்த விதத்தை அப்படியே சொல்கிறோம். முதல் ஞாயிறு ட்ரெஃபன் என்ற சொல்லை மட்டும் படித்தோம். ஹட்டன் பஸ் நிலையத்தில் நண்பியைச் சந்திப்பது பற்றி நாலு வசனம். பந்து கோலில் பட்டது, கல் மாங்காயில் பட்டது, வேடனின் குண்டு மானில் பட்டது என்று இன்னும் நாலு வசனம். இரண்டும் ஒரே சொல் என்று நாங்கள் சொல்லவில்லை, பிள்ளைகளே கண்டுகொண்டார்கள். ஸிஷ் என்பதற்கும் இரண்டு மூன்று வசனம் எழுதினோம். நகைச்சுவை என்ற பேச்சே எடுக்கவில்லை. அடுத்த ஞாயிறு வகுப்பு தொடங்கும்போது, ஜேர்மனியில் பகிடிக்கதையை வினைச்சொல்லில் தொடங்குவார்கள் என்று மட்டும் சொல்லிவிட்டு, அந்த ஆறு சொல்லையும் ஜேர்மனிலேயே சொன்னோம். தமிழ் ஒரு சொல்லும் கலக்கவில்லை. இரண்டு விநாடி அமைதி. பிறகு மூலையில் இருந்த ஒரு பிள்ளை வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அவளைப் பார்த்து மற்றவர்கள் யோசித்தார்கள், ஒவ்வொருவராகச் சிரித்தார்கள். ஒருவன் மட்டும் கடைசிவரை சிரிக்கவில்லை. அவன் முதல் ஞாயிறு வரவில்லை.

சரி, பிள்ளைக்கு உண்மையிலேயே புரிந்ததா, மற்றவர்களைப் பார்த்துச் சிரித்ததா என்று எப்படி அறிவது? அதற்கும் ஒரு வழி இருக்கிறது. "இந்த நகைச்சுவையைக் கொல்லு பார்ப்போம்" என்று கேளுங்கள். ஒரே ஒரு சொல்லை மாற்றி அதைச் சாகடிக்கச் சொல்லுங்கள். வேட்டைக்காரருக்குப் பதிலாக இரண்டு பொலிஸ்காரர் என்று மாற்றினால் சாகாது, கொஞ்சம் தளரும், ஆனால் உயிர் இருக்கும், ஏனென்றால் அவர்களிடமும் துவக்கு உண்டு. ட்ரெஃபனை எடுத்துவிட்டு பெகேக்னன் என்ற சொல்லைப் போட்டால் உடனே செத்துவிடும், ஏனென்றால் அதற்கு எதிர்ப்படுவது என்ற பொருள் மட்டும்தான், குறியில் படுவது என்ற பொருள் இல்லை. எந்தப் பிள்ளை சரியான சொல்லைத் தேடிப்பிடித்துக் கொல்கிறதோ அந்தப் பிள்ளைக்குப் புரிந்துவிட்டது.

இந்தக் கொல்லும் வித்தை எங்கள் கண்டுபிடிப்பு அல்ல. சிக்மண்ட் ஃப்ராய்டை மனநோய் வைத்தியராக உங்களுக்குத் தெரிந்திருக்கும். அவர் 1905இல் நகைச்சுவை பற்றி மட்டுமே ஒரு முழுப் புத்தகம் எழுதினார். அதில் அவர் செய்வது இதைத்தான். ஒரு பகிடியை எடுப்பார், அதே கருத்தை வேறு சொற்களில் நேராக எழுதுவார், சிரிப்பு போய்விட்டதா என்று பார்ப்பார். போய்விட்டால், சிரிப்பு கருத்தில் இல்லை, சொல்லில்தான் இருந்தது என்று தெரிந்துவிடும். அவர் முதலில் எடுத்துக்கொண்டது கவிஞர் ஹைனெயின் ஒரு கதையில் வரும் சொல். ஒரு லொத்தர் விற்பனைக்காரர், பெரும் பணக்காரரான ரொத்ஷில்ட் பிரபு தன்னை "ஃபமிலியோனேர்" ஆக நடத்தினார் என்று பீற்றிக்கொள்கிறார். ஃபமிலியேர் என்றால் வீட்டு ஆள் போல நெருக்கமாக. மிலியோனேர் என்றால் கோடீஸ்வரர். இரண்டையும் ஒட்டிவிட்டார். நெருக்கமாகத்தான் நடத்தினார், ஆனால் ஒரு கோடீஸ்வரருக்கு எவ்வளவு நெருக்கம் முடியுமோ அவ்வளவு என்று அந்த ஒரு சொல்லிலேயே குத்து விழுந்துவிடுகிறது. தோட்டத்துத் துரை தோளில் தட்டிப் பேசிய கதையை நம் பெரியவர்கள் சொல்லும்போது அவர்கள் முகத்தில் வருமே ஒரு சிரிப்பு, அதே சிரிப்பு.

இந்தப் புத்தகத்தை ஆங்கிலத்துக்குக் கொண்டுபோன இரண்டு பேரின் கதைதான் நமக்கு முக்கியம். 1916இல் பிரில் என்பவர் மொழிபெயர்த்தார். பெயர்க்க முடியாத பகிடிகள் வந்த பல இடங்களில் அவற்றை விட்டுவிட்டு, ஆங்கிலத்தில் சிரிப்பு வரக்கூடிய வேறு பகிடிகளைப் போட்டுவிட்டார். வாசிக்க இலகு. ஆனால் ஃப்ராய்டு எதை அறுத்துப் பார்த்தாரோ அது அந்த மேசையில் இல்லை. 1960இல் ஸ்ட்ரேச்சி என்பவர் மறுபடி மொழிபெயர்த்தார். அவர் ஜேர்மன் சொல்லை அப்படியே வைத்துவிட்டு, பக்கத்தில் விளக்கம் எழுதினார். வாசிக்கக் கொஞ்சம் கஷ்டம்தான். ஆனால் ஜேர்மன் தெரியாதவருக்கும் சொல் எங்கே முறிந்து எங்கே ஒட்டுகிறது என்று விளங்கும். நம் டியூட்காரர் பிரில் செய்ததையும் செய்யவில்லை, ஸ்ட்ரேச்சி செய்ததையும் செய்யவில்லை. வேறு பகிடி தேடும் சிரமமும் வேண்டாம், விளக்கம் எழுதும் சிரமமும் வேண்டாம் என்று பிணத்தைத் தூக்கி வலது பக்கத்தில் வைத்துவிட்டார்.

இத்தனைக்கும் நாம் ஸ்ட்ரேச்சியிடம் போய்க் கற்க வேண்டிய அவசியமே இல்லை. நாங்கள் வகுப்பில் காளமேகப் புலவரின் சிலேடை படிப்பிக்கிறோம். பாம்புக்கும் எள்ளுக்கும் சிலேடையாக ஒரு வெண்பா வந்தால், அதை எந்தத் தமிழ் ஆசிரியராவது இன்றைய தமிழில் "பெயர்த்து" பிள்ளைகளிடம் கொடுப்பாரா? பாட்டை வாசிக்கிறோம். சொல்லைப் பிரிக்கிறோம். பாம்புக்கு இந்தப் பொருள், எள்ளுக்கு இந்தப் பொருள் என்று பதவுரை சொல்கிறோம். பிறகு பாட்டை மறுபடி வாசிக்கிறோம், பிள்ளைகள் சிரிக்கிறார்கள். அந்தப் பதவுரையை ஜேர்மன் பகிடிக்கு எழுத மட்டும் நமக்கு ஏன் கை வரவில்லை?

தண்டியலங்காரம் சிலேடையை இரண்டாகப் பிரிக்கிறது. சொல்லைப் பிரிக்காமலே இரண்டு பொருள் தந்தால் செம்மொழிச் சிலேடை. பிரித்தால் வேறு பொருள் வந்தால் பிரிமொழிச் சிலேடை. "மாலை" என்பது பூமாலையும் ஆகும், பொழுதும் ஆகும், பிரிக்கத் தேவையில்லை. "பலகை" என்பதைப் பல கை என்று பிரித்தால் கதை வேறு. ஜேர்மன் சொல்விளையாட்டில் பெரும்பகுதி இந்த இரண்டு பெட்டிக்குள் அடங்கிவிடும் என்பது எங்கள் அனுபவம்.

பிரிமொழிக்கு அங்கே பேர்போன ஒன்று: "புளூமன்டொப்ஃபேர்டெ". ஜேர்மனில் சொற்களை இடைவெளி விடாமல் ஒட்டிக்கொண்டே போவார்கள். இது புளூமன்டொப்ஃப், ஏர்டெ என்ற இரண்டும் ஒட்டியது. பூச்சாடி மண் என்று பொருள், கடையில் பையில் விற்பது. ஆனால் அவசரத்தில் வாசிக்கும் கண், கடைசியில் "ப்ஃபேர்டெ" என்று பிரித்துவிடும். ப்ஃபேர்டெ என்றால் குதிரைகள். உடனே "புளூமன்டோ" என்று ஒரு சாதிக் குதிரை உலகத்தில் இருப்பதாகத் தோன்றிவிடும். எங்கள் பிள்ளைகள் இதற்குத்தான் அதிகம் சிரித்தார்கள். இதே வகையில் இன்னொரு சொல் இருக்கிறது, அதை வகுப்பில் சொல்ல மாட்டோம், இங்கேயும் எழுத மாட்டோம். ஜேர்மனியில் இருக்கிற நம் பிள்ளைகள் இதை வாசித்துவிட்டு இப்போது சிரித்துக்கொண்டிருப்பார்கள்.

செம்மொழிக்கு ஜேர்மன் பிள்ளைகள் ஒரு விளையாட்டே வைத்திருக்கிறார்கள். அதன் பெயரைக் கேட்டால் தேயிலை மலையில் இருக்கிற நமக்கு ஆச்சரியமாக இருக்கும்: "டேகெஸல்ஷென்". சின்னத் தேநீர்க் கேத்தல் என்று பொருள். இரண்டு பிள்ளைகள் இரகசியமாக இரண்டு பொருள் உள்ள ஒரு சொல்லைத் தெரிவுசெய்வார்கள். பிறகு ஆளுக்கு ஒரு பொருளை வைத்துக்கொண்டு மாறி மாறிக் குறிப்புச் சொல்வார்கள். ஒருவர் "என் கேத்தலில் ஆட்கள் உட்காருவார்கள்" என்பார். மற்றவர் "என் கேத்தலில் காசு இருக்கும்" என்பார். மற்றப் பிள்ளைகள் கண்டுபிடிக்க வேண்டும். விடை "பங்க்". அது வாங்கும் ஆகும், வங்கியும் ஆகும். "முட்டர்" என்றால் அம்மா, திருகாணியில் போடும் நட்டும் அதுதான். "ஹான்" என்றால் சேவல், தண்ணீர்ப் பைப்பின் டப்பும் அதுதான். "பிர்னெ" என்றால் பேரிக்காய், பேச்சுவழக்கில் மின்குமிழும் அதுதான்.

இங்கே ஒரு நுணுக்கம், டியூட் எழுதுகிறவர்கள் குறித்துக்கொள்ளுங்கள். பங்க் என்ற சொல் ஒருமையில்தான் இரண்டு பொருள் தரும். பன்மைக்குப் போனால் வாங்குகள் "பெங்கெ", வங்கிகள் "பங்கன்". முட்டரும் அப்படித்தான், அம்மாக்கள் "ம்யுட்டர்", நட்டுகள் "முட்டர்ன்". பன்மையில் சிலேடை கலைந்துபோகும். பிர்னெக்கு அந்த ஆபத்து இல்லை, இரண்டுக்கும் பன்மை ஒன்றே. இதைக் கவனிக்காமல் ஒருவர் பகிடியைப் பன்மையில் எழுதிக் கொடுத்தால், ஜேர்மன்காரரே சிரிக்க மாட்டார்.

எங்கள் பிள்ளைகள் இந்த விளையாட்டைத் தமிழில் விளையாடிப் பார்த்தார்கள். ஒரு தோட்டத்துப் பையனும், டவுனில் இருக்கும் எங்கள் சமூகத்துப் பிள்ளை ஒருத்தியும் சேர்ந்தார்கள். பையன் சொன்னான், "என் கேத்தல் கறுப்பு." அவள் சொன்னாள், "என் கேத்தல் என்னைவிட நாலு வயது மூப்பு." அவன், "என் கேத்தல் லயத்துக் கூரையில உட்காரும்." அவள், "என் கேத்தல் பெருநாளைக்கு எனக்குக் காசு தரும்." விளங்கிவிட்டதா? காக்கா! அவனுக்குப் பறவை, அவளுக்கு மூத்த சகோதரர். யாழ்ப்பாணத்திலோ சென்னையிலோ போய் இதைச் சொன்னால் பலருக்குப் பாதி விளங்காது. இரண்டு வீட்டுத் தமிழும் தெரிந்தவருக்குத்தான் இந்தச் சிரிப்பு. ஒரே மொழிக்குள்ளேயே இந்த நிலை என்றால், ஜேர்மனிலிருந்து தமிழுக்கு வலது பத்தி போட்டு இறக்கிவிடலாம் என்று நினைப்பது எவ்வளவு பெரிய துணிச்சல்!

மரபுத்தொடரில் நடக்கும் கூத்து தனி. "அது என்னுடைய பியர் அல்ல" என்று ஒரு தொடர் அதே டியூட்டில் இருக்கிறது. எங்கள் மாணவன் ஒருவன் அதைப் பார்த்துவிட்டு, "சேர், நாங்கதான் குடிக்கிறதே இல்லையே, இதை எதற்குத் தனியா சொல்லணும்?" என்று கேட்டான். அது பியர் பற்றிய பேச்சு அல்ல தம்பி. "அது என் வேலை இல்லை, எனக்குச் சம்பந்தமில்லை" என்று பொருள். தாராளமாகச் சொல்லலாம், ஒரு குற்றமும் இல்லை.

கடைசியாக ஒரு விஷயம். அந்தப் பத்துப் பகிடியில் ஒன்றே ஒன்று தமிழில் அப்படியே உயிரோடு வந்திருக்கிறது. ஒரு மின்குமிழைப் பொருத்த எத்தனை ஒஸ்ட்ஃப்ரீஸியர் வேண்டும்? ஐந்து பேர். ஒருவர் மேசைமேல் ஏறிக் குமிழைப் பிடித்துக்கொள்வார், நாலு பேர் மேசையைச் சுற்றுவார்கள். இதற்குப் பிள்ளைகள் சிரித்தார்கள் என்று அந்த ஆசிரியர் மகிழ்ந்திருக்கிறார். ஏன் இது மட்டும் பிழைத்தது? இதில் சொல்விளையாட்டு இல்லை. ஒரு பகுதி ஆட்களை மடையர் என்று சொல்வது மட்டும்தான் இருக்கிறது. பெயரை மாற்றினால் எந்த ஊருக்கும் பொருந்தும். தோட்டத்து ஆட்களை வைத்து டவுனில் இதே கதையைச் சொல்வார்கள், நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்தவர்கள்தானே. ஒஸ்ட்ஃப்ரீஸியர் என்போர் ஜேர்மனியின் வடமேற்குக் கடற்கரையில் இருக்கும் மக்கள். 1970களில் அவர்களை மட்டம் தட்டும் பகிடிகள் அந்த நாடு முழுக்கப் பரவின.

அந்த மக்களைப் பற்றி இன்னொன்றையும் டியூட்டில் எழுதியிருக்கலாம். ஜேர்மனியிலேயே, ஏன் உலகத்திலேயே, ஆளுக்கு மிக அதிகமாகத் தேநீர் குடிப்பவர்கள் அவர்கள். ஆளுக்கு வருடத்துக்குச் சுமார் 300 லீற்றர் என்று கணக்கிடுகிறார்கள். கற்கண்டுக் கட்டியைக் கோப்பையில் போட்டு, மேலே சூடான கடும் தேநீர் ஊற்றி, அது வெடிக்கும் சத்தத்தைக் கேட்டு, பாலாடையை ஓரமாக விட்டு, கலக்காமல் குடிப்பார்கள். மூன்று கோப்பை குடிக்காமல் எழுந்தால் மரியாதை இல்லை. ஜேர்மனி தன்னுடைய மரபுரிமைப் பட்டியலில் 2016இல் இந்தத் தேநீர்ப் பழக்கத்தைச் சேர்த்திருக்கிறது. அப்படிப்பட்டவர்களைத்தான் நம் தேயிலைத் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு மடையர் என்று அறிமுகப்படுத்தியிருக்கிறார்கள்.

எங்கள் மாணவிக்கு இந்த வித்தியாசத்தைத்தான் சொன்னோம். உன்னிடம் யாராவது ஒரு பகிடி சொன்னால், ஒரு சொல்லை மாற்றிப் பார். பகிடி செத்தால் அவர்கள் சொல்லோடு விளையாடியிருக்கிறார்கள், நீயும் சேர்ந்து சிரி. ஆளின் ஊரையோ இனத்தையோ மாற்றினாலும் சாகாமல் அப்படியே நின்றால், அப்போது முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம், பதிலும் சொல்லலாம். கிழவர் சொன்ன தேநீரை எடுத்துவிட்டுப் பாலோ தண்ணீரோ போட்டுப் பார், வசனம் ஒன்றுமில்லாமல் போய்விடும். அது ஜேர்மன் மொழியின் தேநீர், உன் அம்மா பறித்த கொழுந்து அல்ல.

நேற்று முன்தினம் மறுபடி பேசினாள். கிழவரின் மகன் இந்த வாரமும் வரவில்லையாம். கிழவர் எரிச்சலோடு கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாராம். இவள் கட்டிலைச் சரிசெய்துகொண்டே மெதுவாக "அப்வார்டன் உண்ட் டே ட்ரிங்கன்" என்றாளாம். அவர் கண்ணில் தண்ணீர் வரும்வரை சிரித்தாராம். பிறகு உண்மையாகவே ஒரு கோப்பை கேட்டாராம்.

டியூட் வைத்திருக்கும் ஆசிரியர்கள் அந்தப் பத்துப் பகிடியையும் எங்களுக்கு அனுப்புங்கள். ஒவ்வொன்றுக்கும் பதவுரை எழுதித் தருகிறோம், காசு வேண்டாம். ஞாயிறு பின்நேரம், அஸருக்குப் பிறகு வீட்டில்தான் இருப்போம்.